எருசலேமில் ஒரு வெள்ளி மாலை: கண்களை மூடிச் சொல்லும் ஆசீர்வாதம்

எருசலேமில் வெள்ளிக்கிழமை மாலை, சூரியன் மறைய நாற்பது நிமிடம் இருக்கும்போது நகரம் முழுவதும் சைரன் சங்கு ஒலிக்கிறது. ஓய்வுநாள் விளக்கேற்றும் நேரம் வந்துவிட்டது என்பதற்கான அறிவிப்பு அது. உலகின் பெரும்பாலான யூத ஊர்களில் சூரியன் மறைய பதினெட்டு நிமிடம் இருக்கும்போது ஏற்றுவார்கள். எருசலேமின் வழக்கம் அதைவிட முன்கூட்டியது.

புனித நாட்டுப் பயணத்தில் அந்தச் சங்கொலியை நான் கேட்டது மஹனே யெஹூதா சந்தைக்குப் பின்னாலுள்ள நஹ்லாவோத் பகுதியில், ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையின் அருகே நின்றபடி. பயண ஏற்பாட்டாளர் வழியாக விருந்துக்கு அழைத்திருந்த குடும்பம். மூதாதையர் போலந்திலிருந்து வந்தவர்கள். வெள்ளைத் துணி விரித்த மேசையின் ஓரத்தில் ஒரு வெள்ளித் தட்டு, அதில் மூன்று மெழுகுவர்த்திகள். வழக்கமாக இரண்டுதான் என்று படித்திருந்தேன். பத்துக் கட்டளைகளில் ஓய்வுநாளைப் பற்றிய கட்டளை யாத்திராகமத்தில் "நினைப்பாயாக" என்றும் உபாகமத்தில் "ஆசரிப்பாயாக" என்றும் தொடங்குகிறது. அந்த இரண்டு சொற்களுக்கு இரண்டு விளக்குகள் என்பார்கள். மூன்றாவது எதற்கு என்று கேட்டேன். இளம் வயதில் ஒரு வெள்ளிக்கிழமை ஏற்ற மறந்துவிட்டாராம் அந்த அம்மா. மறந்தவள் வாழ்நாள் முழுவதும் ஒரு விளக்கைக் கூட்டி ஏற்ற வேண்டும் என்பது அவர்களுடைய மரபு. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை. அந்த மூன்றாவது மெழுகுவர்த்தியைத்தான் முதலில் நேராக நிமிர்த்தி வைத்தார்.

பிறகு நடந்தது ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை. தலையில் துணியைச் சரிசெய்துகொண்டு மூன்று திரிகளையும் ஏற்றினார். கையிலிருந்த தீக்குச்சியை ஊதி அணைக்கவில்லை. எரிந்தபடியே தட்டில் வைத்துவிட்டார், அது தானாக அணைந்தது. இரு கைகளையும் சுடருக்கு மேலே நீட்டி, ஒளியைத் தன் பக்கம் அள்ளுவதைப் போல மூன்று முறை வட்டமாக இழுத்தார். அந்தக் கைகளாலேயே கண்களைப் பொத்திக்கொண்டு எபிரேயத்தில் சொன்னார்:

"பாரூக் அத்தா அதோனாய், எலோஹேனு மெலெக் ஹாஓலாம், அஷேர் கித்ஷானு பெமித்ஸ்வோதாவ், வெத்ஸிவானு லெஹத்லீக் நேர் ஷெல் ஷபாத்."

கைகளை எடுத்து விளக்குகளைப் பார்த்தார். "ஷபாத் ஷாலோம்", அதாவது ஓய்வுநாள் சமாதானம் என்றார். வீட்டார் எல்லோரும் திருப்பிச் சொன்னார்கள்.

கண்களைப் பொத்துவது பக்தியில் உள்ளம் ஒடுங்குவதற்காக என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். அதுவும் உண்மைதான். ஆனால் இந்தச் செய்கை பிறந்தது ஒரு சட்டச் சிக்கலிலிருந்து. அதை அறிந்த பிறகு எனக்கு அதன்மேல் மதிப்பு பல மடங்கு கூடியது.

யூத முறைப்படி எந்தக் கட்டளையை நிறைவேற்றும்போதும் ஆசீர்வாதத்தை முதலில் சொல்ல வேண்டும், செயல் பிறகுதான் வர வேண்டும். ஆனால் ஓய்வுநாள் விளக்குக்கு அந்த வரிசை பொருந்தவில்லை. ஆசீர்வாதத்தைச் சொல்லிவிட்டால் அந்தப் பெண் ஓய்வுநாளை ஏற்றுக்கொண்டவள் ஆகிறாள். ஓய்வுநாளில் "உங்கள் வாசஸ்தலங்களில் நெருப்பு மூட்ட வேண்டாம்" என்கிறது யாத்திராகமம் 35:3. சொல்லிவிட்டால் ஏற்ற முடியாது. ஏற்றிவிட்டுச் சொன்னால் வரிசை தவறுகிறது. இதற்குப் பதினாறாம் நூற்றாண்டில் போலந்தின் கிராக்கோவ் நகரத்து யூத மத ஆசிரியரான ரபி மோசே இசர்லெஸ் பதிவுசெய்த வழி இதுதான்: முதலில் ஏற்று, உடனே கையால் ஒளியை மறைத்துக்கொள், ஆசீர்வாதத்தைச் சொல், பிறகு கையை எடு. விளக்கின் பயன் அதன் ஒளி. கண் திறந்து அந்த ஒளியைப் பெறும் கணத்தில்தான் செயல் முழுமை பெறுகிறது. ஆகவே ஆசீர்வாதம் செயலுக்கு முந்தியதாகவே ஆகிவிடுகிறது. தீக்குச்சியை அணைக்காததற்கும் காரணம் இதையொட்டியதே. விளக்கேற்றியதும் ஓய்வுநாள் அவரிடம் வந்துவிட்டது. நெருப்பை அணைப்பதும் அன்று விலக்கப்பட்ட வேலை.

இது எல்லா யூதர்களுக்கும் பொது அல்ல. அதே முற்றத்தில் வசிக்கும் மொரோக்கோ வழிவந்த ஒரு பெண் சற்று நேரம் கழித்து வாழ்த்துச் சொல்ல வந்தார். "எங்கள் வீட்டில் ஆசீர்வாதத்தைச் சொல்லிவிட்டு அதன் பிறகுதான் ஏற்றுவோம். கண்ணை மூட வேண்டிய தேவையே இல்லை" என்றார். ஸ்பெயின், வட ஆப்பிரிக்க மரபைச் சேர்ந்த செபார்தி யூதர்களில் பலர் அப்படிச் செய்கிறார்கள். ஆசீர்வாதத்தினாலேயே ஓய்வுநாளை ஏற்றதாக ஆகாது என்பது அவர்களுடைய ரபிமார்களின் தீர்ப்பு. இரு பெண்களும் ஒருவர் வழக்கத்தை மற்றவர் மதித்துப் பேசியதைக் கேட்க நிறைவாக இருந்தது.

சொற்களை எனக்கு மெதுவாகச் சொல்லித் தரும்படி வீட்டம்மாவைக் கேட்டேன். சொல்லித் தந்தபோது "அதோனாய்" என்ற இடத்தில் "அந்த நாமம்" எனப் பொருள்படும் "ஹாஷெம்" என்றும், "எலோஹேனு" என்பதை "எலோகேனு" என்றும் மாற்றிச் சொன்னார். ஜெபமாக இல்லாதபோது திருநாமத்தை உச்சரிப்பதில்லையாம். எழுத்தில் இருக்கும் நான்கெழுத்து நாமத்தை ஜெபத்தில்கூட அவர்கள் வாசிப்பதில்லை. அதற்குப் பதிலாகச் சொல்வதுதான் "என் ஆண்டவர்" எனப் பொருள்படும் அதோனாய். அந்தப் பதிலுக்கும் ஒரு பதில் வைத்திருக்கும் பயபக்தி என்னை நெகிழச் செய்தது.

பொருள் இது: "எங்கள் தேவனாகிய ஆண்டவரே, பிரபஞ்சத்தின் அரசரே, நீர் ஸ்தோத்திரிக்கப்பட்டவர், அவர் தம் கட்டளைகளால் எங்களைப் பரிசுத்தப்படுத்தி, ஓய்வுநாளின் விளக்கை ஏற்றும்படி எங்களுக்குக் கட்டளையிட்டார்." "நீர்" என்று நேருக்கு நேர் தொடங்கும் ஜெபம் பாதியில் "அவர்" என்று மாறுகிறது. அருகில் நின்று பேசத் தொடங்கியவர், அவருடைய மகத்துவத்தை எண்ணி ஓரடி பின்வாங்குவதுபோல் அது எனக்குப் பட்டது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது "கட்டளையிட்டார்" என்ற சொல். மோசேயின் ஐந்து ஆகமங்களைத் தேடினாலும் ஓய்வுநாளுக்கு விளக்கேற்று என்ற கட்டளை கிடைக்காது. நெருப்பு மூட்டாதே என்ற விலக்கு மட்டுமே உண்டு. விளக்கேற்றுவது ரபிமார்கள் விதித்த கடமை. ஆசீர்வாதத்தின் வாசகம் ஒன்பதாம் நூற்றாண்டில் பாபிலோனிய ரபி அம்ராம் தொகுத்த ஜெப முறையில் இருக்கிறது. பிறகு எப்படித் தேவன் கட்டளையிட்டார் என்று சொல்லலாம்? இதே கேள்வியை, எருசலேம் கோயில் மீண்டும் சுத்திகரிக்கப்பட்டதைக் கொண்டாடும் ஹனுக்கா பண்டிகையின் விளக்கைப் பற்றி, ரபிமார்களின் விவாதத் தொகுப்பான தல்மூத் கேட்டு, உபாகமம் 17:11-ஐப் பதிலாகக் காட்டுகிறது: பெரியோர் சொல்லும் தீர்ப்பை விட்டு விலகாதே என்று தேவன் சொல்லியிருக்கிறார், ஆகவே அவர்கள் விதித்ததும் அவர் கட்டளையே.

அவர்கள் ஏன் விதித்தார்கள் என்பதற்கும் தல்மூத் காரணம் சொல்கிறது: ஷாலோம் பாயித், அதாவது வீட்டின் சமாதானம். விலக்கை மட்டும் பிடித்துக்கொண்டால் ஓய்வுநாள் இரவில் வீடு இருண்டு கிடக்கும். வீட்டார் தடுக்கி விழுவார்கள், மனம் கசப்பார்கள். ஒருவனிடம் ஒரு விளக்குக்கு மட்டுமே பணம் இருந்து, அன்று ஹனுக்காவும் ஓய்வுநாளும் சேர்ந்து வந்தால், ஓய்வுநாள் விளக்கையே வாங்க வேண்டும் என்பது தீர்ப்பு. கோயில் அற்புதத்தை நினைவுகூரும் விளக்கைவிட வீட்டார் முகம் பார்த்துச் சாப்பிடும் விளக்கு முந்துகிறது.

அதனால்தான் ஏற்றிய விளக்கு உணவு வேளையிலும் எரிந்துகொண்டிருக்க வேண்டும் என்று கவனமாக இருக்கிறார்கள். ஒளியால் யாரும் பயன்பெறாமல் அணைந்துபோனால், சொன்ன ஆசீர்வாதம் வீணானதாகக் கருதப்படும். அந்த அம்மா நீண்ட நேரம் எரியும் பருமனான மெழுகுவர்த்திகளைத் தேர்ந்தெடுத்திருந்தார். தட்டை நகர்த்தவும் கூடாது. அப்பத்துக்கு இடம் போதாதபோது மேசையின் மறுபக்கத்தில் இடம் ஒதுக்கினார்கள். ஜெப ஆலயத்திலிருந்து ஆண்கள் திரும்பியதும், திராட்சரசக் கிண்ணத்தைக் கையில் ஏந்தி வீட்டுத் தலைவர் ஓய்வுநாளைப் பரிசுத்தமாக அறிவிக்கும் ஜெபமான கித்தூஷ் சொல்லத் தொடங்கினார்.