விரிஞ்சிபுரம் கல்வெட்டில் ஆண்டு பார்ப்பது எப்படி?

வேலூர் பக்கத்து விரிஞ்சிபுரம் கோயில் கல்வெட்டு ஒன்றின் மொழிபெயர்ப்பு, 'சகம் 1347 சென்றபின் நடக்கும் விசுவாவசு ஆண்டு, பங்குனி 3, புதன், அனுஷம்' என்கிறது. பலரும் சக ஆண்டோடு 78 கூட்டி கி.பி. 1425 என்று எழுதிவிடுகிறார்கள். விசுவாவசு 1425 சித்திரையில் பிறந்தது, சரி. ஆனால் பங்குனி அதன் கடைசி மாதம். ஆகவே கல்வெட்டின் நாள் 1426-இன் தொடக்கத்தில் விழும். தை முதல் பங்குனி வரை எந்த மாதம் வந்தாலும் இந்த ஒரு வருட வித்தியாசத்தைக் கவனியுங்கள். 'சென்ற' என்ற சொல்லையும் விடாதீர்கள்; அது 'நடப்பு' சகமாக இருந்தால் 77தான் கூட்ட வேண்டும்.

அடுத்து, இந்தக் கல்வெட்டு சொல்லும் உடன்படிக்கையை யார் செய்தது? கல்வெட்டின் தொடக்கத்தில் விஜயநகர மன்னர் தேவராய மகாராயர் பெயர் இருக்கிறது. அது காலம் சொல்ல மட்டுமே. உடன்படிக்கை செய்தவர்கள் படைவீட்டு இராச்சியம் என்ற மாகாணத்துப் பிராமணர்கள்; பொன் வாங்காமல் கன்னிகாதானமாகவே மணம் முடிப்பதாக ஒப்புக்கொள்கிறார்கள். இதில் நிலமும் இல்லை, கொடையும் இல்லை. கோயில் சுவரில் இருப்பதெல்லாம் தானம் என்று நினைத்தால் இங்கேதான் சறுக்கும். முதலில் 'கொடுத்தோம்', 'விட்டோம்' போன்ற வினையைத் தேடுங்கள். அதன் எழுவாய்தான் கொடையாளி. மொழிபெயர்ப்பில் அடைப்புக்குறிக்குள் இருப்பது பெரும்பாலும் பதிப்பாசிரியர் சேர்த்தது, கல்லில் இல்லாதது.