வேலை போனது, இஎம்ஐ போகவில்லை

மார்ச் 3, ராமமூர்த்தி நகர், பெங்களூரு
வீட்டுக் கடன் பாக்கி 40 லட்சம், வட்டி 8.5 சதவீதம், இன்னும் 15 வருஷம். இஎம்ஐ 39,390 ரூபாய், தேதி 5. பள்ளியில் வேலை பார்க்கும் மனைவியின் சம்பளத்தில் சாப்பாடு, பால், பையனின் ஃபீஸ் எல்லாம் ஓடிவிடும். இஎம்ஐக்கு அதில் இடமில்லை.

மார்ச் 4
வங்கிக்குப் போனேன். தவணையைச் சில மாதம் தள்ளிவைக்கும் மொரட்டோரியம் கிடைக்குமா என்றதும், "சார், அது 2020 கதை" என்றார் அதிகாரி. அந்த மார்ச் முதல் ஆகஸ்ட் வரை ரிசர்வ் வங்கி எல்லோருக்கும் திறந்துவிட்ட கதவு எப்போதோ மூடிவிட்டதாம். இப்போது தனித்தனியாக மறுசீரமைப்பு, அதாவது கடன் நிபந்தனைகளை மாற்றித் தரும்படி கேட்கலாம். அதற்கும் இனி வரப்போகும் வருமானத்துக்கு ஆதாரம் வேண்டுமாம். அது இருந்தால் நான் ஏன் இங்கே வருகிறேன்?

மார்ச் 7
ஆறு மாதம் கட்டாமல் இருந்தால் என்ன ஆகும் என்று எக்செல்லில் போட்டுப் பார்த்தேன். வட்டி நிற்காது, அசலோடு சேரும். பாக்கி 41.73 லட்சமாகிவிடும். அப்புறம் அதே இஎம்ஐ கட்டினால் 180 தவணை 197 ஆகிறது. இப்போது கையில் மிச்சமாவது 2.36 லட்சம், கடைசியில் கூடுதலாகக் கொடுப்பது ஆறரை லட்சம்.

மார்ச் 9
சென்னையில் வங்கி வேலையிலிருந்து ஓய்வுபெற்ற சித்தப்பா போனில் சொன்னதுதான் தூக்கிவாரிப் போட்டது. "கஷ்டத்துக்காகக் கடன் நிபந்தனையை மாற்றினாலே பொதுவாகக் கணக்கை உடனே வாராக்கடனாகத்தான் வகைப்படுத்துவார்கள்டா. ஒரு தவணைகூடத் தவறியிருக்க வேண்டாம். 2020லும் 2021லும் மட்டும் அதற்கு விலக்கு இருந்தது." தவணை விடுமுறைக் காலம் முடிந்த பிறகு குறைந்தது ஒரு வருஷமாவது ஒழுங்காகக் கட்டினால்தான் அந்த வகையிலிருந்து மேலே வர முடியுமாம். சிபில் அறிக்கையிலும் மறுசீரமைப்பு என்று பதிவாகும். மனைவி இணைக் கடன்தாரர் என்பதால் அவள் அறிக்கையிலும்.

"அப்போ தவறவிடலாமா?" என்றேன். அதுவும் பதியும், ஆனால் நாள் கணக்காக. உதாரணமாக, ஜூலை 5 தவணை அப்படியே நின்றால் அக்டோபர் 3 அன்று 90 நாள், வாராக்கடன். அதற்கு முன் ஒரு தவணை கட்டினால் பழைய பாக்கி முதலில் கழியும், நாள் எண்ணிக்கை இறங்கும். வாராக்கடன் ஆனபின் தவறிய தவணைகளின் மொத்த நிலுவையையும் கட்டினால்தான் மீட்சி. இந்த வித்தியாசத்தை வங்கியில் யாரும் சொல்லவில்லை.

மார்ச் 14
கிராஜுவிட்டியும் நோட்டீஸ் சம்பளமும் சேர்ந்து சுமார் மூன்று லட்சம் வரும். அதை ஏழு இஎம்ஐக்கென்று தனிக் கணக்கில் போடுகிறோம். அதற்குள் வேலை கிடைக்கவில்லை என்றால், பணம் தீருமுன்பே செப்டம்பரில் மறுசீரமைப்புக்கு எழுதிக் கொடுப்பேன். வேலை விடுவிப்புக் கடிதம், ஆறு மாத வங்கி அறிக்கை, மனைவியின் சம்பளச் சீட்டு மூன்றையும் இப்போதே நகல் எடுத்தாகிவிட்டது. மனைவிக்கு இதில் அரை மனசுதான். வீட்டை விற்றுவிடலாம் என்கிறாள். அந்தப் பேச்சு இன்னும் முடியவில்லை.