41 லட்சம் என்று எழுதாமல், 29 லட்சம் என்று எழுதினோம்

திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு அறக்கட்டளை நடத்தும் பள்ளியில் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்கிறேன். எண்ணூரிலிருந்தும் மணலியிலிருந்தும் வரும் பிள்ளைகளுக்காக இரண்டு கான்டிராக்ட் வேன்கள் ஓடிக்கொண்டிருந்தன. சொந்தமாக ஒரு பஸ் வாங்க ஒரு நிறுவனம் சமூகப் பணிக்கு ஒதுக்கும் சி.எஸ்.ஆர். நிதியைக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. அதை எப்படி எழுதினோம் என்று சொல்கிறேன். இதே வேலையில் இருக்கும் மற்ற பள்ளிக்காரர்களுக்கு உதவும்.

தாளாளர் முதலில் சொன்ன வாசகம் இது: "எட்டு வருஷத்துல நாப்பது லட்சத்துக்கு மேல மிச்சம்னு போடுங்க, அதுவே போதும்." கூட்டல் சரிதான். ஆனால் எட்டாம் ஆண்டில் மிச்சமாகும் ஒரு ரூபாய் இன்று கையில் இருக்கும் ஒரு ரூபாய் ஆகாது. பஸ்ஸுக்கான பணமோ முழுவதும் இன்றே போகிறது. அப்படி இருக்க, இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடியாது. நிறுவனத்தின் நிதிப் பிரிவு முதலில் கேட்பது சேமிப்பின் இன்றைய மதிப்பைத்தான். அதை நாமே காட்டிவிடுவது நல்லது.

சூத்திரத்தைப் போடுவதற்கு முன், எதைக் கணக்கில் எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ததில்தான் பெரும்பகுதி நேரம் போனது. பஸ் வாங்குவதால் மாறுகிற பணத்தை மட்டும்தான் எடுக்க வேண்டும். பெற்றோர் கட்டும் வண்டிக் கட்டணம் வேன் ஓடினாலும் பஸ் ஓடினாலும் அதேதான், அதனால் விட்டுவிட்டோம். தேய்மானத்தையும் விட்டோம். பஸ்ஸின் விலையை முதல் நாளே முழுதாகக் கழிக்கிறோம், மறுபடி ஆண்டுதோறும் தேய்மானம் என்று கழித்தால் அதே செலவை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

மாறும் பணம் இதுதான். ஒரு வேனுக்கு மாதம் 61,000 ரூபாய். இரண்டுக்கும் 11 மாத வாடகை 13,42,000. சொந்த பஸ்ஸுக்கு டிரைவர், ஆயா சம்பளம் போனஸோடு 4,10,000. பள்ளி பஸ்ஸில் உதவியாளர் இல்லாமல் ஓட்ட முடியாது. 2012-இல் சேலையூரில் நடந்த விபத்துக்குப் பிறகு வந்த தமிழ்நாடு பள்ளிப் பேருந்து சிறப்பு விதிகள் அதைக் கட்டாயமாக்கிவிட்டன. வேன் வாடகை மே மாதம் கிடையாது, ஆனால் சம்பளம் 12 மாதமும் உண்டு. பலர் தவறவிடும் வித்தியாசம் இது. டீசல் நாளுக்கு 60 கி.மீ., 220 நாள், லிட்டருக்கு 5 கி.மீ. என்று 2,46,000. இன்சூரன்ஸ், வரி, வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி. சேர்த்து ஒரு லட்சம். பராமரிப்பு 86,000. மொத்தம் 8,42,000. ஆக, ஆண்டுக்கு 5 லட்சம் மிச்சம்.

ஆனால் வண்டி பழையதாக ஆக டயர், பேட்டரி, இன்ஜின் வேலை என்று செலவு ஏறும். அதனால் ஐந்தாம் ஆண்டு முதல் சேமிப்பை 4,30,000 ஆகக் குறைத்தோம். எட்டு ஆண்டோடு நிறுத்தியதற்கும் காரணம் உண்டு. பஸ்ஸுக்கு எட்டு வயது வரை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை எஃப்.சி. போதும், அதற்குப் பிறகு ஆண்டுதோறும் எடுக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் விற்றால் 4 லட்சம் வரும் என்று வைத்துக்கொண்டோம்.

அடுத்து, வரும் ஆண்டுகளின் சேமிப்பை இன்றைய மதிப்புக்குக் குறைக்க ஒரு வட்டி விகிதம் வேண்டும். அறக்கட்டளைப் பணத்தை நினைத்த இடத்தில் போட முடியாது, வருமான வரிச் சட்டம் அனுமதிக்கும் முதலீடுகளில்தான் போடலாம். எங்களுக்கு அது வங்கி எஃப்.டி. அதில் அப்போது கிடைத்தது 7 சதவீதத்தை ஒட்டி. கொஞ்சம் கடுமையாகவே இருக்கட்டும் என்று 8 சதவீதம் எடுத்தோம்.

எக்செல்லில் இது ஒரே வரி. B2-வில் பஸ் விலை, ஆன் ரோடு 26 லட்சம், மைனஸ் குறியோடு. B3 முதல் B10 வரை எட்டு ஆண்டுச் சேமிப்பு. விற்பனைத் தொகையைக் கடைசி ஆண்டோடு சேர்த்துக்கொண்டோம்.

```
=NPV(8%,B3:B10)+B2
```

B2-வை அடைப்புக்குறிக்குள் போட்டுவிடக் கூடாது. உள்ளே இருக்கும் முதல் தொகை ஓர் ஆண்டு கழித்து வருகிறது என்று எக்செல் எடுத்துக்கொள்ளும், இன்று கட்டும் விலையும் குறைந்துவிடும். சும்மா கூட்டினால் 41.2 லட்சம் வரும் சேமிப்பின் இன்றைய மதிப்பு 29.19 லட்சம். விலை போக 3.19 லட்சம் மிச்சம். கடிதத்தில் இந்த இரண்டு எண்களைத்தான் எழுதினோம்.

3.19 லட்சம் பெரிய இடைவெளி இல்லை. இரண்டு வேனுக்கும் சேர்த்து மாத வாடகை 5,000 ரூபாய் குறைவாக இருந்தாலே அது ஏறக்குறைய கரைந்துவிடும். ஆகவே கடந்த ஆண்டின் வாடகை ரசீதுகளை இணைத்தோம்.

அதைவிடப் பெரிய ஆபத்து வேறு இடத்தில் இருந்தது. ஒரே பஸ் இரண்டு டிரிப் அடித்தால்தான் இரண்டு வேனையும் நிறுத்த முடியும். ஒரு வேனை வைத்துக்கொள்ள வேண்டி வந்தால் மிச்சமாகும் வாடகை 6,71,000, பஸ் செலவோ அதைவிட அதிகம். மொத்தத் திட்டமும் நஷ்டம். மணலிச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டினால் எந்த நேரமும் நிச்சயமில்லை. எனவே எண்ணூர் டிரிப்பை முதலிலும் மணலியை இரண்டாவதாகவும் வைத்து, பள்ளி நேரத்தில் வேன் டிரைவரை அதே வரிசையில் ஓட்டச் சொல்லி நேரம் குறித்தோம். முதல் டிரிப் பிள்ளைகள் சீக்கிரமே வந்துவிடுவார்கள் என்பதால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆசிரியர் இருப்பார் என்பதையும் கடிதத்தில் சேர்த்தோம்.

நிறுவனத்தின் நிதி அதிகாரி இரண்டு கேள்வி கேட்டார். "லாபமான திட்டம்தானே சார், வங்கிக் கடன் வாங்கலாமே?" 11 சதவீத வட்டியில் போட்டுப் பார்த்தால் இன்றைய மதிப்பு 26 லட்சத்துக்குச் சற்றே மேலே நிற்கிறது, அவ்வளவுதான். அதைவிட முக்கியம், ஐந்து ஆண்டுக் கடனுக்கு மாதத் தவணை 56,500 ரூபாய், ஆண்டுக்கு 6.8 லட்சம். மிச்சமாவது ஐந்து லட்சம்தான். மீதி 1.8 லட்சம் ஆண்டுதோறும் பெற்றோர் தலையில் விழும். "மேடம், அந்தச் சுமையைத் தவிர்க்கத்தான் உங்களிடம் வந்திருக்கிறோம்" என்றேன். அவர் தலையசைத்தார்.

"விடுமுறையில் வாடகைக்கு விடலாமா?" என்பது இரண்டாவது கேள்வி. கூடாது. கல்வி நிறுவன வாகனம் என்று பதிவானால் மாணவர்களையும் ஊழியர்களையும் மட்டும்தான் ஏற்றலாம். அந்த வருமானத்தை எண்ணிக் கணக்குக் காட்டும் பள்ளிகள் இருக்கின்றன, அது தவறு.

ஆவணங்களில் சிக்கல் வரவில்லை. சி.எஸ்.ஆர். பதிவு எண், அறக்கட்டளையின் வருமான வரிப் பதிவுகளான 12ஏ, 80ஜி, டீலரின் கொட்டேஷன் எல்லாம் இருந்தன. சி.எஸ்.ஆர். பணத்தில் வாங்கும் சொத்து நிறுவனத்தின் பெயரில் இருக்க முடியாது என்பதால் ஆர்.சி. அறக்கட்டளை பெயரில் வரும் என்று எழுதிக் கொடுத்தோம்.

ஒப்புதல் ஒரு நிபந்தனையோடு வந்தது. பணம் நேராக டீலருக்குப் போகும். ஆண்டு முடிவில் இரண்டு எண்களை நாங்கள் அனுப்ப வேண்டும்: பஸ்ஸுக்கு உண்மையில் ஆன செலவு, அந்த ஆண்டு வேன் ஓடியிருந்தால் ஆகியிருக்கும் வாடகை. அதற்காகப் பக்கத்துப் பள்ளிகள் கொடுக்கும் வேன் வாடகையை ஒவ்வொரு ஜூன் மாதமும் கேட்டுக் குறித்து வைக்கிறோம்.