ஐந்து பாயிண்டில் விடுபட்ட ஐம்பது நிமிடம்

"அஞ்சு பாயிண்ட்தான் கேட்டாங்க சிஸ்டர்." அன்றைக்கு நான் சொன்ன பதில் இதுதான். சொல்லி மூன்று வருடம் ஆகப்போகிறது. அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. அப்படித்தான் கேட்டார்கள். ஆனாலும் அது இன்னும் என் காதில் என் குரலிலேயே கேட்டுக்கொண்டிருக்கிறது.

மறுநாள் காலை தாய் மரண ஆய்வுக் கூட்டம், கலெக்டர் வருகிறார். ஒரு மரணத்தின் முழு அறிக்கை என் மேசையில் இருந்தது. கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்கே போய், மாமியாரிடமும் கணவரிடமும் கேட்டு, கையால் எழுதிய பதினோரு பக்கம். ஊரையும் நாளையும் இங்கே சொல்லப்போவதில்லை. "ஒரே பக்கம், பாயிண்ட் பாயிண்டா இருக்கணும், கலெக்டர் படிக்க ரெண்டு நிமிஷம்தான் கிடைக்கும்" என்று அதிகாரி சொன்னார். அது நியாயமான கோரிக்கைதான். அதே கூட்டத்துக்காக ஒன்பது வட்டாரங்களின் மாதாந்திர அட்டவணையையும் நான்தான் சுருக்கியிருந்தேன், அதுவும் பாயிண்டுகளாகத்தான். அட்டவணைக்கு எடுபட்ட வடிவம் இதற்கும் எடுபடும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூட அதிகம். யோசிக்காமல் கை அதே வடிவத்துக்குப் போய்விட்டது.

நான் எழுதியது இது:

- பிரசவத்துக்குப் பிந்தைய அதிக ரத்தப்போக்கு
- குடும்பத்தினரின் ஒப்புதல் பெறுவதில் 50 நிமிடத் தாமதம்
- தேவையான ரத்த வகை இருப்பில் இல்லாமை
- ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து மாற்றி அனுப்பியதில் தாமதம் இல்லை
- கர்ப்ப காலத்தில் ரத்தசோகை

ஐந்துமே உண்மை. பதினோரு பக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஆதாரம் உண்டு. நகலெடுத்து, ஸ்டேப்ளர் போட்டு அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான், அந்தப் பதினோரு பக்கத்தை எழுதிய செவிலியர் வேறு வேலையாக அங்கே வந்தார். ஒரு பிரதியை எடுத்துப் படித்தார். இரண்டாவது வரியில் விரலை வைத்தார்.

"சார், அந்த மாமியாரம்மா கையெழுத்து போட மாட்டேன்னு சொல்லல. மகன் வரட்டும்னுதான் சொன்னாங்க. மகன் எங்க போயிருந்தான்னு இதுல இல்லையே."

அதற்குத்தான் அந்தப் பதில். அவர் மேற்கொண்டு எதுவும் பேசவில்லை. பிரதியை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

மகன் எங்கே போயிருந்தான் என்பது அறிக்கையின் ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. அதிகாலை 3.10-க்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் குழந்தை பிறந்தது. 3.25-க்கு ரத்தப்போக்கு அதிகம் என்று கண்டுகொண்டு, ஊசி போட்டு, வயிற்றின் மேல் கை வைத்துக் கர்ப்பப்பையை அழுத்திப் பிசைந்துகொண்டே 3.50-க்கு ஆம்புலன்ஸில் ஏற்றிவிட்டார்கள். 4.20-க்குப் பெரிய மருத்துவமனை. அந்தப் பெண்ணுக்கு வேண்டிய ரத்தம் அங்கே இல்லை. 4.35-க்குக் கணவரிடம் சீட்டைக் கொடுத்துப் பக்கத்து ஊர் ரத்த வங்கிக்கு அனுப்பினார்கள். போக 22 கிலோமீட்டர், அவர் பைக்கில் போனார். 4.45-க்கு, கர்ப்பப்பையை எடுக்க வேண்டி வரலாம், ஒப்புதல் கையெழுத்து வேண்டும் என்று வெளியே இருந்த மாமியாரிடம் கேட்டார்கள். இருபத்து நான்கு வயது மருமகளின் கர்ப்பப்பை. "பையன் வந்துரட்டும் டாக்டர்" என்றார். பையன் ஒரு பாட்டில் ரத்தத்தோடு 5.35-க்கு வந்தார், உடனே கையெழுத்துப் போட்டார். 6.40-க்கு அந்தப் பெண் இறந்துவிட்டார்.

குடும்பம் ஒப்புதல் தர எடுத்துக்கொண்ட அந்த 50 நிமிடமும், ரத்தம் வரக் காத்திருந்த நேரமும் ஒரே நேரம்தான். மாமியார் 4.45-க்கே கைநாட்டு வைத்திருந்தாலும், ரத்தம் வராமல் அந்த அறுவையைத் தொடங்கியிருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. அதைத்தான் கூட்டம் கேட்டிருக்க வேண்டும். ஆனால் என் தாளில் ஒப்புதல் ஒரு புள்ளி, ரத்தம் இன்னொரு புள்ளி. இரண்டும் ஒன்றையொன்று அறியாதவை போல அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தன. போதாததற்கு ஒப்புதலை ரத்தத்துக்கு மேலே வைத்திருந்தேன், அதில் ஒரு எண் இருந்தது என்பதற்காக. எண் உள்ள வரி கனமாகத் தெரியும், மேலே போகும். அட்டவணைகளைச் சுருக்கிச் சுருக்கி வந்த பழக்கம் அது.

கூட்டத்தில் குடும்பத்தினரை முதலில் கேட்டு அனுப்பிவிட்டார்கள், அதுதான் முறை. பிறகு என் தாள் வாசிக்கப்பட்டது. கர்ப்பிணிகளின் குடும்பத்தினருக்கு விழிப்புணர்வுக் கூட்டம் நடத்த வேண்டும் என்று முடிவானது. ரத்த இருப்பைப் பற்றி ஒருவர் பேச்செடுத்தார். அது தனியாகப் பார்க்க வேண்டிய விஷயம் என்று தள்ளிவைக்கப்பட்டது. ஆமாம், என் தாளில் அது தனி விஷயமாகத்தான் இருந்தது.

என் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. பதினோரு பக்கமும் கோப்பில் இணைக்கப்பட்டிருந்தது, யாரும் படிக்கலாம். புள்ளிகளாகப் பிரிக்கும் பழக்கம் என்னிடம் தொடங்கியதும் அல்ல. இந்தத் துறையில் எல்லோரும் பயன்படுத்தும் 'மூன்று தாமதங்கள்' என்ற வகைப்பாடு 1994-ல் தாடியஸ், மெய்ன் என்ற இருவர் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. சிகிச்சையை நாட முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். நல்ல வகைப்பாடு, ஆயிரக்கணக்கான மரணங்களைப் புரிந்துகொள்ள உதவியிருக்கிறது. மூன்றாவதற்குள் இருந்த ஒரு குறை முதலாவதைப் போன்ற தோற்றத்தை உண்டாக்கினால் எந்தக் கட்டத்தில் டிக் அடிப்பது என்பதை மட்டும் படிவம் சொல்வதில்லை. குடும்பத்தின் வாயிலிருந்து வந்த தயக்கம், அதனால் குடும்பத்தின் கட்டம். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அப்புறம் அந்தத் தாளைப் பலமுறை எடுத்துப் பார்த்தேன். ஐந்தில் நான்கு வரிகள் பெயர்ச்சொல்லில் முடிகின்றன, மீதி ஒன்று 'இல்லை' என்று. தாமதம், இல்லாமை, ரத்தப்போக்கு. செயலைச் சொல்லி முடிக்கும் வினை எதிலும் இல்லை, அதனால் யார் செய்தது என்பதும் இல்லை. செவிலியரின் பக்கத்தில் இருந்ததோ ஒரே நீண்ட வாக்கியம்: ரத்தம் இல்லை என்று தெரிந்து, கணவரிடம் சீட்டு கொடுத்து அனுப்பிவிட்டு, அவர் போன பிறகு மாமியாரிடம் கையெழுத்துக் கேட்க, அவர் மகன் வரட்டும் என்று சொல்ல... தமிழில் வினையெச்சங்கள் கோத்துக்கொண்டே போகும்போது, எது முன்னே எது பின்னே, எதனால் எது என்பதெல்லாம் சொல்லாமலே வந்துவிடுகிறது. அதை நறுக்கிப் புள்ளி வைத்ததும் முதலில் விழுவது அந்த 'து'-வும் 'இ'-யும்தான்.

சரி, இனிப் பத்தியாகவே எழுதுவோம் என்று முடிவு செய்தேன். அதில் அடுத்த தவறு நடந்தது.

அடுத்த மாத அட்டவணையை, ஒன்பது வட்டாரம், பதினான்கு குறியீடு, அழகான இரண்டு பத்தியாக எழுதினேன். ஒரு வட்டாரத்தில் 12 வாரத்துக்குள் கர்ப்பத்தைப் பதிவு செய்தவர்கள் 71 சதவீதம், மற்ற இடங்களில் 90-க்கு மேல். அதே வட்டாரத்தில் இரண்டு செவிலியர் பணியிடங்கள் காலி. இரண்டும் வெவ்வேறு நெடுவரிசைகள். பத்தியில் எழுதும்போது, "இரண்டு பணியிடங்கள் காலியாக இருந்ததால் பதிவு 71 சதவீதமாகக் குறைந்தது" என்று வந்துவிட்டது. வாக்கியம் ஓட வேண்டுமே, அந்த 'ஆல்' தானாக வந்து ஒட்டிக்கொண்டது. அந்த வட்டார மருத்துவ அலுவலர் போனில் கூப்பிட்டார். காலியாக இருந்த பகுதிகளில் பதிவு நன்றாகவே நடந்திருக்கிறது, குறைவு வேறு பகுதியில், அங்கே நோட்டில் எழுதிய பதிவுகள் கணினியில் ஏறாமல் தேங்கியிருந்தன என்றார். "காரணம்னு எங்க இருக்கு சார் அந்த டேபிள்ல?" என்று கேட்டார். எங்கேயும் இல்லை. 71 சதவீதம் என்பதே 41 பேரில் 29 பேர்தான். தேங்கிய பதிவுகள் ஒன்பது ஏறினாலே 38 ஆகி மற்ற வட்டாரங்களோடு சேர்ந்துவிடும். பத்தியில் 41 என்ற எண்ணுக்கு இடம் கிடைக்கவில்லை, வாசிப்பின் ஓட்டம் கெடும் என்று நானே எடுத்துவிட்டேன்.

ஆக, கதையைப் புள்ளியாக்கியபோது இருந்த காரணத்தை வெட்டினேன். அட்டவணையைப் பத்தியாக்கியபோது இல்லாத காரணத்தை ஒட்டினேன்.

இப்போது ஒரு சோதனை வைத்திருக்கிறேன். புள்ளிகளாக எழுதிவிட்டு, வரிகளை இடம் மாற்றிப் படிப்பேன். மாற்றியும் பொருள் கெடவில்லை என்றால் புள்ளிகள் போதும். வட்டாரங்களை ஒப்பிடும் வரிகள் அப்படித்தான் இருக்கும், ஒவ்வொன்றிலும் '41-ல் 29' என்று முழு எண்ணிக்கையோடு. இடம் மாற்றினால் யாருக்காவது அநியாயம் நேரும் என்றால் பத்தி, அதுவும் நேரங்களோடு. இந்தச் சோதனையிலும் ஓட்டை இருக்கிறது. என் பழைய ஐந்து வரிகளை எப்படி மாற்றிப் போட்டாலும் பொருள் கெடுவதில்லை, கெடவேண்டியது எழுதும்போதே கெட்டுப்போயிருந்ததால். மூலத்தைப் படித்தவருக்கு மட்டுமே இந்தச் சோதனை உதவும். மூலத்தைப் படித்தவர் அந்த அறையில் ஒருவர் இருந்தார், அவரிடம்தான் ஐந்து பாயிண்ட் என்று சொன்னேன்.

பத்தி எழுதிய பிறகும் எனக்கு நிம்மதி இல்லை. அடுத்து வந்த ஒரு மரணத்தைப் பத்தியாக எழுதினேன், அதிகாரி முதல் வாக்கியத்தின் கீழ் மட்டும் கோடு போட்டிருந்தார். பத்திக்கும் ஒரு தொடக்கம் வேண்டும், அதை நான்தான் தேர்ந்தெடுக்கிறேன். அந்த இருபத்து நான்கு வயதுப் பெண்ணின் கதையை 3.25 ரத்தப்போக்கிலிருந்து தொடங்கினால் அது மருத்துவமனையின் கதை. ஏழாம் மாதத்தில் ஹீமோகுளோபின் 7.8 என்று அட்டையில் எழுதியிருந்த நாளிலிருந்து தொடங்கினால் எங்கள் எல்லோருடைய கதை. ரத்தம் குறைவாக உள்ள உடம்பு கொஞ்ச இழப்பையும் தாங்காது, என் ஐந்தாவது வரி உண்மையில் முதலாவதாக இருந்திருக்க வேண்டும். எங்கே தொடங்குவது என்பதை எந்த வடிவமும் எனக்காக முடிவு செய்து தராது.

அந்தச் செவிலியர் இப்போது வேறு வட்டாரத்தில் இருக்கிறார். கூட்டங்களில் பார்த்தால் வணக்கம் சொல்கிறார், அவ்வளவுதான். நானும் அதைப் பற்றிப் பேச்செடுத்ததில்லை. பழைய தாளின் ஒரு பிரதியை மட்டும் வைத்திருக்கிறேன், அதன் பின்பக்கத்தில் அந்த 50 நிமிடத்தை ஒரே வாக்கியமாக எழுதிப் பார்ப்பது உண்டு. கடைசி வார்த்தையில் நின்றுவிடுகிறேன். மாமியார் 'காத்திருந்தார்' என்று முதலில் எழுதினேன். அதை அடித்துவிட்டு 'காக்க வைக்கப்பட்டார்' என்று எழுதினேன். இப்போது இரண்டுமே அடிக்கப்பட்டிருக்கின்றன.