ரிவ்யூ ஒன்றுகூட இல்லாதபோது மணிக்கு எவ்வளவு கேட்பது?

வீட்டிலிருந்தபடி அப்வொர்க் என்ற ஃப்ரீலான்ஸ் தளத்தில் வேர்ட்பிரஸ் வேலை எடுக்கத் தொடங்கும் ஒருவரின் கணக்கைப் பார்ப்போம். வீட்டுக்கு மாதம் 40,000 ரூபாய் வேண்டும். இன்டர்நெட், இன்வெர்ட்டர், தீம், பிளகின் சந்தா, வரிக்கு ஒதுக்குவது எல்லாம் சேர்த்து இன்னொரு 10,000. ஆக 50,000.

இதை எத்தனை மணி நேரத்தால் வகுக்கிறோம் என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். மாதம் 22 நாள், நாளுக்கு 8 மணி என்று 176-ஆல் வகுத்தால் 284 ரூபாய் வரும். ஆனால் தொடக்கத்தில் பாதி நேரம் வேலை கேட்டுப் புரபோசல் எழுதுவதிலும், பதில் சொல்வதிலும், கற்பதிலும் போய்விடும். அதற்கு யாரும் காசு தரமாட்டார்கள். காசு வருவது 80 மணிக்குத்தான் என்று வையுங்கள். 625 ரூபாய் ஆகிறது.

அடுத்தது தளத்தின் கமிஷன். அப்வொர்க்கில் 2025 மே முதல் அது வேலைக்கு வேலை மாறும், 15 சதவீதம் வரை போகும். 625-உடன் 15 சதவீதத்தைக் கூட்டினால் 719. அதில் கமிஷன் போக 611தான் கைக்கு வரும். எனவே 625-ஐ 0.85-ஆல் வகுக்க வேண்டும்: 735 ரூபாய். டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஏறத்தாழ 9 டாலர். இதற்குக் கீழே போனால் நஷ்டம்.

இந்த விலை எடுபடுமா என்பது உங்கள் வேகத்தைப் பொறுத்தது. வாடிக்கையாளர் மொத்தத் தொகையைத்தான் பார்ப்பார். மெதுவாகத் திறக்கும் ஒரு தளத்தைச் சரிசெய்யப் பழகியவருக்கு 4 மணி போதும், உங்களுக்கு 7 மணி ஆகிறது என்றால், அதே 9 டாலர் விலையில் 36-க்கு முடிகிற வேலை 63 ஆகிவிடும். ஆகவே விலை வைக்கும் முன், ஒரு சோதனைத் தளத்தில் இதே மாதிரி மூன்று வேலையைக் கடிகாரம் வைத்துச் செய்து பாருங்கள்.

ரிவ்யூ இல்லையே என்று மணிக்கு 4 டாலருக்கு இறங்க வேண்டாம். அதே வாடிக்கையாளரிடம் பிறகு இரட்டிப்பாகக் கேட்பது மிகக் கடினம். அவருடைய பயம் பணம் வீணாகுமோ என்பதுதான். "முதல் வாரம் அதிகபட்சம் 4 மணிதான் பில் போடுவேன். முகப்புப் பக்கத்தின் வேகத்தை முன்னும் பின்னும் அளந்து காட்டுகிறேன். பிடித்தால் தொடரலாம்" என்று எழுதுங்கள். 4 மணியில் முடியாவிட்டால் மிச்சம் உங்கள் கணக்கில், அதைக் கற்றுக்கொண்ட செலவாக ஏற்கலாம். ஒப்பந்தத்திலேயே வார வரம்பை 4 மணி என்று வைக்கச் சொல்லுங்கள்.

15 புரபோசலுக்கு ஒரு பதிலும் இல்லையென்றால் முதலில் புரபோசலைத் திருத்துங்கள், விலையைத் தொட வேண்டாம். பேசிவிட்டு, விலை வந்ததும் ஒதுங்குகிறார்கள் என்றால்தான் விலையில் சிக்கல். அப்போதும் முதலில் அந்த வாடிக்கையாளர் இதற்கு முன் மணிக்குச் சராசரியாக எவ்வளவு கொடுத்திருக்கிறார் என்று வேலை அறிவிப்பின் ஓரத்தில் பாருங்கள். அது 5 டாலர் என்றால் அவர் உங்களுக்கான ஆள் இல்லை. மூன்று வேலை நல்லபடியாக முடிந்ததும், புதிதாக வருபவர்களுக்கு மட்டும் 11 என்று ஏற்றலாம்.