பெரிய டிவி பிழைத்தது, சின்ன டிவி உடைந்தது: மடிப்பாக்கத்திலிருந்து பாளையங்கோட்டை வரை

சென்னை மடிப்பாக்கத்து வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டுப் பாளையங்கோட்டைக்குக் குடிபெயர்ந்தபோது எங்களிடம் இரண்டு தொலைக்காட்சிப் பெட்டிகள் இருந்தன. கூடத்தில் 55 அங்குலம், அப்பாவின் அறையில் 32 அங்குலம். இரண்டும் ஒரே லாரியில்தான் வந்தன. பெரியது கீறல்கூட இல்லாமல் வந்து சேர்ந்தது; சின்னது உள்ளே பேனல் உடைந்து வந்தது. பாத்திரம், துணி, பீரோ, கட்டில் எல்லாம் ஒழுங்காக வந்துவிட்டதால் அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. இந்த இரண்டு டிவிகளுக்கு நேர்ந்ததையும், உடைந்ததற்கு இழப்பீடு வாங்க அலைந்ததையும் மட்டும் எழுதுகிறேன்.

ஒப்பந்தம் பேசும்போது, டிவிக்குத் தனியாக மரச்சட்டம் அடித்துத் தருவோம் என்று மூட்டை கட்டி அனுப்பும் நிறுவனத்தின் மேலாளர் தொலைபேசியில் சொல்லியிருந்தார். ஆட்கள் வந்து இறங்கியபோது மரச்சட்டமும் இல்லை, டிவிக்கான அட்டைப்பெட்டியும் இல்லை. நெளி அட்டைச் சுருளும், ஸ்ட்ரெச் ஃபிலிமும், பிரௌன் டேப்பும்தான் இருந்தன. கேட்டதற்கு, "சார், தினமும் பத்து டிவி ஏத்துறோம், ஒண்ணும் ஆகாது" என்றார் சூப்பர்வைசர். மரச்சட்டம் என்ற பேச்சு மதிப்பீட்டுத் தாளில் எழுதப்படாததால் அதற்குமேல் அவரிடம் வாதாட முடியவில்லை. வீடு மாற்றுபவர்கள், டிவிக்கு என்ன கட்டுமானம் என்பதை அந்தத் தாளில் ஒரு வரியாக எழுதச் சொல்லிவிட்டு முன்பணம் கொடுப்பது நல்லது.

நல்லவேளையாக, 55 அங்குலத்துக்கான பெட்டியை நான் முன்பே தேடி வைத்திருந்தேன். டிவி வாங்கியபோது வந்த பெட்டி பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டிருந்தாலும், பெரிய மின்சாதனக் கடைகளில் புது டிவியை மாட்டிவிட்டு வரும் ஆட்கள் வெற்றுப் பெட்டியைத் திருப்பிக் கொண்டுவருவது உண்டு. அப்படி ஒரு கடையில் சொல்லி வைத்து, வேறு நிறுவனத்தின் 55 அங்குலப் பெட்டியைத் தெர்மாகோலோடு வாங்கிவந்தேன். 55 அங்குலம் என்றால் ஏறக்குறைய 123 செ.மீ. அகலமும் 71 செ.மீ. உயரமும் இருக்கும் என்பதால் பெட்டியின் அளவு பெரும்பாலும் பொருந்திவிடும். தெர்மாகோலின் பள்ளங்கள்தாம் பொருந்தாது. அவற்றை வெட்டி நான்கு மூலைகளிலும் இறுக்கமாக உட்காரும்படி செய்தோம்.

அந்தத் தெர்மாகோல் எதற்காக இருக்கிறது என்பது தெரிந்தால் மற்ற எல்லாம் தானாகப் புரியும். அது டிவியை நான்கு மூலைகளிலும் விளிம்புகளிலும் பிடித்துக்கொண்டு, திரையின் முன்னால் வெற்றிடம் விடுகிறது. எல்.இ.டி. டிவி என்று நாம் சொல்வதன் திரை, ஒவ்வொன்றும் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமனே உள்ள இரண்டு கண்ணாடித் தகடுகளால் ஆனது. அவற்றுக்கிடையே திரவப் படிகம் இருக்கிறது. சுற்றியுள்ள சட்டம் விளிம்பை மட்டுமே தாங்குகிறது. ஆகவே நிமிர்த்தி வைத்தால் கண்ணாடியின் எடை அதன் தளத்தின் வழியாகவே கீழே இறங்குகிறது. படுக்க வைத்தாலோ நடுப்பகுதிக்குப் போதிய தாங்கல் இல்லாமல் லாரி ஏறி இறங்கும் ஒவ்வொரு பள்ளத்துக்கும் துள்ளுகிறது. தட்டையாகக் கிடக்கும் பெட்டியின்மேல் யாராவது எதையாவது அடுக்கியும் விடுவார்கள். ஓ.எல்.இ.டி. திரை இன்னும் மெல்லியது என்பதால் அதற்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பாகப் பொருந்தும்.

சுவரிலிருந்து கழற்றியதும் பின்பக்கத்து மவுண்ட் கம்பிகளையும் கழற்றிவிட்டோம். அவற்றை அப்படியே விட்டால் பின்னாலிருந்து அழுத்தும். திருகுகளை ஒரு சிறிய பையில் போட்டு ரிமோட்டோடு வைத்தோம்; பெட்டிக்குள் ஒரு திருகு தளர்ந்து உருண்டாலும் திரைக்கு ஆபத்து. திரையின்மேல் முதலில் மெல்லிய வெள்ளை ஃபோம் ஷீட், அதன்மேல் குமிழ்கள் வெளிப்பக்கம் இருக்கும்படி ஒரே ஒரு சுற்று பபிள் ராப், அதுவும் தளர்வாக. டேப் எல்லாம் பின்பக்கத்தில்தான். தூக்கும்போது இருவர் பக்கத்துக்கு ஒருவராக நின்று, கீழ்ச்சட்டத்தின் ஓரங்களைப் பிடிக்க வேண்டும். பெரும்பாலான டிவிகளில் படத்தைக் கொண்டுசெல்லும் மெல்லிய நாடாக்கள் திரையின் விளிம்பையொட்டித்தான் ஒட்டப்பட்டிருக்கின்றன. விரல்களை முன்பக்கம் மடக்கித் திரையின் ஓரத்தை அழுத்தினால் அவை விட்டுப்போய், பின்னர் செங்குத்துக் கோடுகளாகத் தெரியும்.

பெட்டியை ஒட்டிய பிறகு இரண்டு சோதனைகள் செய்தேன். மெதுவாக ஆட்டிப் பார்த்தபோது உள்ளே எதுவும் நகரக் கூடாது. திரை இருக்கும் பக்கத்தின் நடுவில் உள்ளங்கையை வைத்து இலேசாக அழுத்தினால், அட்டை சற்று உள்ளே போக வேண்டுமே தவிர எதன்மீதும் முட்டக் கூடாது. முதல் தடவை முட்டியது. பிரித்து, மூலைத் தெர்மாகோலின்மேல் இன்னொரு பட்டை வைத்து, மறுபடி ஒட்டினோம். ஆட்கள் முணுமுணுத்தார்கள், ஆனாலும் அந்தப் பட்டைதான் அந்தத் திரையைக் காப்பாற்றியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

லாரியில் ஏற்றும்போது அடுத்த தகராறு வந்தது. மெத்தைகளுக்கு மேலே படுக்கப் போட்டால் மெத்தென்று போகும் என்று அவர்கள் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. லாரியின் பக்கச் சுவரை ஒட்டி நிமிர்த்தி வைத்து, திரைப்பக்கத்தில் மெத்தையை நிறுத்தி, கயிறு பெட்டியின் நடுவயிற்றைக் குறுக்கே இறுக்காமல் இரு ஓரங்களில் மட்டும் பிடிக்கும்படி கட்டச் சொன்னேன். இதற்காக நான் கீழே நின்றிருந்த நேரத்தில்தான் மாடியில் 32 அங்குல டிவியை வேறு இருவர் கட்டி முடித்திருந்தார்கள். நெளி அட்டையை நேராகத் திரையின்மேல் சுற்றி, அதற்குமேல் ஸ்ட்ரெச் ஃபிலிமை இழுத்து இழுத்து இறுக்கியிருந்தார்கள். மூலைத் தாங்கல் எதுவும் இல்லை. பிரித்துக் கட்டச் சொன்னபோது, லாரி கிளம்ப நேரமாகிவிட்டது, சின்ன டிவிக்கு எதுவும் ஆகாது என்று சூப்பர்வைசர் மறுத்துவிட்டார்.

வேறு குடும்பங்களின் பொருள்களும் சேர்ந்து போகும் லாரி என்பதால் சரக்கு வழியில் ஒரு கிடங்கில் மாற்றி ஏற்றப்பட்டது. பாளையங்கோட்டையில் கதவைத் திறந்தபோது பெரிய டிவி நின்றபடியே இருந்தது. சின்னது தட்டையாகக் கிடந்தது. அதன்மேல் யாருடையதோ ஒரு தையல் இயந்திரத்தின் மேசைப் பலகை இருந்தது.

இறக்கி முடித்ததும் ரசீதில் கையெழுத்துக் கேட்டார்கள். இரண்டு டிவியையும் போட்டுப் பார்க்காமல் கையெழுத்திட மாட்டேன் என்றேன். வெளியே பார்த்தால் 32 அங்குலத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. இதுதான் பலரும் ஏமாறும் இடம். நம் கைக்குத் தட்டுப்படும் மேற்பரப்பு கண்ணாடியல்ல, அதன்மேல் ஒட்டிய பிளாஸ்டிக் படலம். உள்ளே கண்ணாடி உடைந்திருந்தாலும் அது வழவழப்பாகவே இருக்கும். மின்சாரம் கொடுத்ததும் வலது கீழ் மூலையிலிருந்து மை கொட்டியதுபோல் கறுப்புப் பரவலும், அதிலிருந்து கிளம்பும் விரிசல் கோடுகளும், திரையின் உயரம் முழுக்க ஓடும் வண்ணக் கோடுகளும் தெரிந்தன. பெரியதில் முழு வெள்ளைப் படத்தையும் முழுக் கறுப்புப் படத்தையும் வைத்துப் பார்த்தேன். நான்கு மூலைகளும் சுத்தமாக இருந்தன.

வந்தவர் முதலில் சொன்னது, "இது உள் பழுது சார், எங்க பொறுப்பு இல்லை" என்பதுதான். அதற்கு என்னிடம் பதில் இருந்தது. கழற்றுவதற்கு முன் இரண்டு டிவியும் ஓடுவதை, பின்பக்கத்து வரிசை எண்ணும் தெரியும்படி, அவர்களுடைய ஆட்களும் சட்டகத்துக்குள் இருக்கும்படி கைப்பேசியில் படம் எடுத்திருந்தேன். ரசீதின் இரண்டு படிகளிலும், "32 அங்குல டிவி, மேலே பாரம் வைத்துத் தட்டையாக வந்தது, போட்டுப் பார்த்ததில் பேனல் உடைந்துள்ளது" என்று என் கையால் எழுதி, அவருடைய கையெழுத்தையும் வாங்கிக்கொண்டுதான் நான் கையெழுத்திட்டேன். 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்' என்ற அச்சு வரியின் கீழ் வெறும் கையெழுத்து மட்டும் இருந்திருந்தால் என் கோரிக்கை அங்கேயே முடிந்திருக்கும்.

அதன்பிறகுதான் உண்மையான அலைச்சல். மின்னஞ்சலுக்குப் பதில் இல்லை; அலுவலகத்தில் ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டினார். பொருளின் மதிப்பில் ஒரு விழுக்காட்டை 'இன்சூரன்ஸ்' என்று பில்லில் வாங்கியிருந்தார்கள். பாலிசி நகலைக் கேட்டபோது, அது காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி அல்ல, எங்கள் உள் ஏற்பாடு என்றார்கள். பணம் கொடுக்கும் நாளிலேயே பாலிசி நகலைக் கேட்டு வாங்குங்கள். பொருள் பட்டியலில் ஒவ்வொரு டிவிக்கும் தனித்தனியாக மதிப்பை எழுதியிருந்தது எனக்குப் பெரிதும் உதவியது. பார்சல் சர்வீஸில் டிவியை மட்டும் தனியாக அனுப்புபவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் அதன் விதிகளும், கூடுதல் மதிப்பை அறிவித்து அதற்குரிய கூடுதல் கட்டணத்தைச் செலுத்தாவிட்டால், இழப்பீட்டைக் கட்டணத்தின் பத்து மடங்குக்குள் அடக்கிவிடுகின்றன. 600 ரூபாய் கட்டணத்தில் போகும் டிவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் 6,000 ரூபாய்தான்.

டிவி நிறுவனத்தின் உத்தரவாதம் உடைப்புக்குச் செல்லாது. சேவை மையத்தில் பேனல் மாற்ற ஆகும் செலவை எழுத்தில் வாங்கினேன். புது டிவியின் விலைக்குச் சற்றே குறைவாக இருந்தது. அதையும், ரசீதையும், படத்தையும் இணைத்துப் பதிவுத் தபாலில் அறிவிப்பு அனுப்பினேன். சரக்கைப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் எழுத்துமூலம் அறிவிப்புக் கொடுத்திருந்தால்தான் பிறகு வழக்குத் தொடர முடியும் என்று அதே சட்டம் சொல்வதால், சமாதானப் பேச்சை நம்பி இதைத் தள்ளிப்போடக் கூடாது. கூடவே தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-லும் புகாரைப் பதிந்தேன். அதன்பிறகு நிறுவனத்திலிருந்து அவர்களாகவே அழைத்தார்கள். பழைய டிவி என்று தேய்மானம் கழித்துவிட்டு, பட்டியலில் எழுதியிருந்த 12,000 ரூபாயில் 9,000 ரூபாயை வங்கிக் கணக்கில் போட்டார்கள். உடைந்த டிவியைத் தங்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். பணம் வந்த பிறகே எடுத்துப்போகலாம் என்று சொல்லி, அப்படியே செய்தேன்.