ஒரு பீமும் இரண்டு படங்களும்: வரையும் முறையை நான் சுருக்கிக்கொண்ட விதம்

ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ் பாடத்தில் பீம் பற்றிய அத்தியாயத்தை மூன்று முறை படித்தும், தாளில் ஷியர் ஃபோர்ஸ் படம் வரைய உட்கார்ந்தால் கை ஓடவில்லை. ஒவ்வொரு பகுதிக்கும் வெட்டுப்போட்டு சமன்பாடு எழுதுவதை விட்டுவிட்டு, ஒரே ஒரு கணக்கைக் கையில் எடுத்து, கை எந்த வரிசையில் நகர வேண்டும் என்பதை மட்டும் எழுதிக்கொண்டேன்.

பீமின் நீளம் 8 மீட்டர். இடது முனை A-யில் ஒரு தாங்கி, 6 மீட்டரில் B என்ற இன்னொரு தாங்கி, மீதி 2 மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. A முதல் B வரை மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் பரவிய சுமை, நுனியில் 12 கிலோநியூட்டன் புள்ளிச் சுமை. A-யைச் சுற்றி மொமென்ட் எடுத்தால் B-யின் ரியாக்‌ஷன் 46, A-யுடையது 26.

அடுத்து ஷியர் படம். இடமிருந்து வலமாக நடக்க வேண்டும். ரியாக்‌ஷன் வந்தால் ஏறு, சுமை வந்தால் இறங்கு. A-யில் 26 ஏறி, மீட்டருக்கு 10 வீதம் சரிந்து, B-க்கு சற்று முன் −34-க்கு வந்து, அங்கே 46 ஏறி +12 ஆகி, நுனியில் பூஜ்யத்தில் முடிகிறது. கோடு பூஜ்யத்தை வெட்டும் இடம் 26/10, அதாவது 2.6 மீட்டர்.

பெண்டிங் மொமென்ட் படத்துக்குத் தேவையானது ஷியர் படத்தின் பரப்பளவுதான். முதல் முக்கோணம் 26 × 2.6 / 2 = 33.8 கிலோநியூட்டன் மீட்டர், அதுதான் உச்சம். அடுத்த முக்கோணம் 57.8, கழித்தால் B-யில் −24. கடைசிச் செவ்வகம் 24-ஐக் கூட்ட, நுனியில் பூஜ்யம்.

இங்கேதான் நான் ஏமாந்தேன். ரியாக்‌ஷன் கண்டுபிடிக்கும்போது பரவிய சுமையை நடுவில் 60 என்று வைத்துக்கொண்டது சரி. அதே 60-ஐ ஷியர் படத்திலும் வைத்துவிட்டேன். சரிவுக் கோட்டுக்குப் பதில் படிக்கட்டு வந்தது, நடுவில் மொமென்ட் 78 ஆனது. உண்மையில் அங்கே 33தான். ஆனாலும் B-யில் −24, நுனியில் பூஜ்யம். இரண்டும் சரியாகவே வந்தன! கடைசியில் பூஜ்யம் வந்தால் போதும் என்று நம்பியதால் தவறு கண்ணில் படவே இல்லை. அதன்பின் எண்ணுக்கு முன்னால் வடிவத்தைப் பார்க்கிறேன்: பரவிய சுமைக்குக் கீழே ஷியர் சரிவாகவும், மொமென்ட் வளைவாகவும் இருந்தே ஆக வேண்டும். ஷியரில் படிக்கட்டோ மொமென்டில் நேர்க்கோடோ வந்தால் அழித்துவிட்டுத் திரும்ப வரைவேன்.

மொமென்ட் குறி மாறும் இடத்தையும் குறிக்கத் தவறுவதில்லை. 26x − 5x² = 0 என்று போட்டால் 5.2 மீட்டர். அதுவரை பீமின் அடிப்பக்கம் இழுபடுகிறது, அதைத் தாண்டி மேல்பக்கம். கான்கிரீட் பீமாக இருந்தால் B இருக்கும் இடத்தில் கம்பி மேல்பக்கத்தில் வர வேண்டியது இதனால்தான்.

பீமில் எங்காவது தனியாக ஒரு கப்பிள் இருந்தால் மட்டும் இந்தப் பரப்பளவு வழி அப்படியே போதாது. அது இருக்கும் இடத்தில் ஷியர் படம் ஏறுவதும் இல்லை, இறங்குவதும் இல்லை. அந்த இடத்தில் மொமென்ட் படத்தைக் கப்பிளின் அளவுக்கு நாமே செங்குத்தாக ஏற்றவோ இறக்கவோ வேண்டும்.